இளம் தந்தையின் அடக்கத் திருப்பலியில் மறையுரை: முதன்முறை ஆற்றப்போகிறவருக்கு

குருப்பட்டம் பெற்ற முதல் வருடத்தில் ஒரு போன் வரும். பெரும்பாலும் விடியற்காலையில். உபதேசியார் பேசுவார்: "சாமி, நம்ம அன்பியத்துல ஒரு தம்பி தவறிட்டாரு. சின்ன வயசு. ரெண்டு பிள்ளைங்க. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்." பங்குத்தந்தை ஊரில் இருக்கமாட்டார். அல்லது வேண்டுமென்றே, "நீங்களே பிரசங்கம் வைங்க" என்பார். எண்பது வயதுப் பாட்டியின் அடக்கத்துக்குச் சொல்வதெல்லாம் இங்கே செல்லாது. "நிறைவாழ்வு வாழ்ந்தார்" என்று தொடங்கவே முடியாது.

அந்த ஒன்றரை நாளில் என்ன செய்வது என்பதை என் அனுபவத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். விளங்குவதற்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான் போன பல வீடுகளைக் கலந்து செய்த வீடு இது. இறந்தவர் பெயர் அருள் என்று வைத்துக்கொள்வோம். வயது 36. லாரிப் பட்டறையில் வெல்டர். செவ்வாய் இரவு சாப்பிட்டபின் நெஞ்சு கரித்தது. வாயு என்று நினைத்து மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்தார். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து.

முதலில் வீட்டுக்குப் போங்கள், பிறகு எழுதுங்கள்

எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் காதில் எதுவும் விழாது; எழுதியதற்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள். வெறும் கையோடு போங்கள். ஃப்ரீசர் பெட்டி அருகே நின்று சுருக்கமாக ஜெபித்துவிட்டு, உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தந்து உங்களை வாசலில், ஆண்கள் பக்கம் உட்காரவைக்கப் பார்ப்பார்கள். அங்கே கிடைப்பது அரசியலும் ஆம்புலன்ஸ் வாடகையும்தான். உள்ளே, மனைவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் இருங்கள். அதிகம் பேசவேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அந்த நூலில் அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது.

எழும்புவதற்கு முன் நெருங்கிய ஒருவரிடம், முக்கியமாக மனைவியின் அக்கா அல்லது இறந்தவரின் நண்பரிடம், சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன பெயரால் கூப்பிடுவார்கள்? பிள்ளைகளின் பெயரும் வயதும் என்ன? பெற்றோர் இருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்ன செய்வார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசன் சாமி" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. ஞாயிறு காலையைக் கேட்டால் ஒரு காட்சி கிடைக்கும். அருள் வீட்டில் எனக்குக் கிடைத்த பதில்: சின்னவன் பெஞ்சில் உட்கார மாட்டான் என்பதால் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பூசை முழுக்கப் பின்வாசலில், சைக்கிள் நிறுத்தும் இடத்துப் பக்கம் நிற்பார். இன்னொன்று: கோயில் முன்னாலிருக்கும் மாதா கெபியின் இரும்புக் கதவு அவர் வெல்டிங் செய்தது. கூலி வாங்கவில்லை.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு போய், மறையுரை முழுக்க நான் ஒருமுறை "அந்தோணிசாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. கடைசியில் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "யாரைச் சொல்றாரு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. மன்றாட்டில் திருமுழுக்குப் பெயர் இருக்கட்டும். மறையுரையில் வீட்டுப் பெயர்.

"இருந்திருந்தால்" என்ற சொல்லைக் கேளுங்கள்

எதிர்பாராத சாவு நடந்த வீட்டில் எல்லா வாயிலிருந்தும் ஒரே இலக்கணத்தில் வாக்கியம் வரும். "சாயங்காலமே டாக்டர்கிட்ட போயிருந்தா..." "நான் ஊர்ல இருந்திருந்தா..." "அந்த ஓமத் தண்ணிய குடுக்காம இருந்திருந்தா..." அழுகைக்கு நடுவே, ஒப்பாரிக்கு நடுவே, இந்த "இருந்தால்" திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முதிய வயதுச் சாவுக்கும் இதற்கும் இதுதான் வேறுபாடு. அங்கே துக்கம் மட்டும். இங்கே துக்கத்தோடு குற்ற உணர்வும், சில வீடுகளில் குற்றச்சாட்டும் இருக்கும். மாமியார் வாயிலிருந்து "இவ வந்த நேரம்" என்று ஒரு வார்த்தை விழுந்திருக்கலாம். அது மருமகள் காதில் கட்டாயம் விழுந்திருக்கும்.

நீங்கள் பேசப்போவது இந்த வாக்கியங்களுக்குத்தான். ஆனால் யார் சொன்ன வாக்கியத்தையும் பலிபீடத்திலிருந்து எடுத்துச் சொல்லக்கூடாது. ஓமத் தண்ணீர் என்ற சொல்லே மறையுரையில் வரக்கூடாது. அதைத் தனியாகக் கையாளவேண்டும்: பங்கில் ஒரு மருத்துவரோ, நர்ஸாக வேலைபார்க்கும் கன்னியரோ இருந்தால், அடக்கத்துக்கு முன்பே அந்த மனைவியிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். மாரடைப்பு வாயுவைப் போலவே தோன்றும், தெரிந்தவர்களே ஏமாறுவார்கள் என்பதை அவர்கள் சொன்னால் நிற்கும். நீங்கள் சொன்னால் ஆறுதல் வார்த்தையாகத்தான் போகும்.

சாவின் காரணத்தைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வந்திருந்தாலும், ஊரில் மூன்று கதை ஓடும். குடி என்பார்கள், கடன் என்பார்கள். தற்கொலையாகவே இருந்தாலும் அடக்கத் திருப்பலியை மறுக்கும் காலம் போய்விட்டது. அப்படி இறந்தவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்று மறைக்கல்வி நூல் 2283-ஆம் எண்ணில் சொல்கிறது. அந்த மறையுரைக்குத் தனிக் கவனம் வேண்டும், மூத்த குரு ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். இங்கே அதற்குள் போகவில்லை.

வாசகத்தைத் தேர்ந்தெடுப்பது

அடக்கச் சடங்கு நூலில் வாசகங்கள் நிறையத் தரப்பட்டுள்ளன. கைக்கு வந்ததை எடுக்காதீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் இருக்கும் ஐந்து வயதுப் பையனின் காதால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞனின் பாடை, அழும் தாய், மனமிரங்கும் இயேசு. பொருத்தமாகத் தோன்றும். ஆனால் கதையின் முடிவில் இறந்தவன் எழுந்து உட்கார்ந்து பேசுகிறான். அருளின் மகன் அதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைப் பார்ப்பான். யோவான் 11-இல் 32 முதல் 45 வரையிலான பகுதிக்கும் இதே சிக்கல்தான்; இலாசர் கட்டுகளோடு வெளியே வருகிறார். மகனை இழந்த தாய்க்கும் மனதில் ஒரு கேள்வி குத்தும்: அவளுக்குத் தந்தார், எனக்கு ஏன் இல்லை?

சாலமோனின் ஞானம் 4-ஆம் அதிகாரத்தையும் பலர் எடுப்பார்கள், நீதிமான் இளமையில் இறப்பதைப் பற்றிப் பேசுவதால். அழகான பகுதிதான். ஆனால் தீமை அவரைக் கெடுக்காதபடி எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற கருத்து அதில் வருகிறது. 33 வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு அது எப்படிக் கேட்கும்? "உன் புருஷன் கெட்டுப்போகாமல் இருக்க நீ விதவையானாய்." அதை விளக்கிச் சரிசெய்ய அன்று நேரம் இல்லை.

நான் எடுப்பது யோவான் 11:17-27. மார்த்தா இயேசுவை ஊருக்கு வெளியே சந்திக்கும் பகுதி. இலாசர் கல்லறைக்குள் இருக்கும்போதே, கல் புரட்டப்படாமலே இது முடிகிறது. அடக்கத்துக்கு வந்திருப்பவர்கள் நிற்பதும் அந்த இடத்தில்தான். அதைவிட முக்கியம், மார்த்தா வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்." நேற்று அந்த வீட்டில் நீங்கள் கேட்டது இதே வாக்கியத்தைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மரியாவும் சொல் மாறாமல் இதையே சொல்கிறாள். அக்காவும் தங்கையும் நான்கு நாளாக வீட்டில் இதையேதான் புலம்பிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

முதல் வாசகத்துக்குப் புலம்பல் 3:17-26. அமைதியை இழந்தேன், நலம் என்பதையே மறந்தேன் என்று தொடங்கி, மெல்லத்தான் நம்பிக்கைக்கு வருகிறது. வாசிக்க நெருங்கிய உறவினரை விடாதீர்கள். மைத்துனர் துணிந்து வருவார், இரண்டாம் வரியில் உடைந்துவிடுவார். அன்பியத் தலைவரோ ஆசிரியரோ வாசிக்கட்டும்.

சொல்லக்கூடாதவை

"கடவுளுக்கு நல்லவங்கதான் பிடிக்கும், அதான் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டாரு." இது பெரியவர்களுக்கு வெற்று வார்த்தை, பிள்ளைகளுக்குப் பயங்கரம். நல்ல பிள்ளையாக இருந்தால் என்னையும் கூப்பிடுவாரா, அம்மாவையும் கூப்பிடுவாரா என்று ஒன்பது வயது மகள் யோசிப்பாள். அப்பாவைப் பறித்துக்கொண்டவர் என்றே கடவுளை அறிமுகம் செய்துவிடுகிறோம்.

"ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்." இது திருவிவிலியம்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் சொன்னவர் யோபு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் தன் வாயால் தன்னைப் பற்றிச் சொன்னது. அதை அவரிடம் வேறு யாரும் சொல்லவில்லை. இழந்தவர் சொன்னால் அது விசுவாசம். இழக்காத நாம் அவரைப் பார்த்துச் சொன்னால் வேறு. அருளின் அம்மா தானாகச் சொன்னால் தலைவணங்கிக் கேளுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

"எல்லாம் கடவுளின் சித்தம்." மார்த்தாவிடம் இயேசு இதைச் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள்.

"தம்பி, இனிமே நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பளை." எல்லாச் சாவு வீட்டிலும் யாராவது ஒரு மாமா ஆண்பிள்ளையின் தலையைத் தடவி இதைச் சொல்லிவிடுகிறார். ஐந்து வயதுப் பையன் தலையில் குடும்பத்தைத் தூக்கி வைக்கிறோம். நீங்கள் சொல்லாமல் இருப்பது மட்டும் போதாது. மறையுரையில் அதற்கு எதிராக ஒரு வரி வைக்கலாம். எப்படி என்பதைக் கீழே பாருங்கள்.

"அப்பா தூங்குறாரு" என்பதும் வேண்டாம். பிள்ளைக்கு இரவில் தூக்கம் போய்விடும். இறந்துவிட்டார் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

எவ்வளவு நேரம்

அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை இருக்கவேண்டும், அது புகழுரையாக இருக்கக்கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 382-ஆம் எண்ணில் சொல்கிறது. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் பொதுவாகவே சொன்னார். அடக்கத்துக்கு நான் ஏழுக்கு மேல் போவதில்லை. அழுகைக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசும்போது என் வேகம் நிமிடத்துக்கு 80 சொல் அளவில்தான் இருக்கும். ஆகவே 500 சொல்லுக்குக் கொஞ்சம் கூட எழுதினால் போதும். வழக்கமான வேகத்தில் கணக்குப் போட்டு எழுதினால் பன்னிரண்டு நிமிடம் இழுக்கும். அதற்குள் வெளியே பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

புகழுரை கூடாது என்றால் இறந்தவரைப் பற்றியே பேசக்கூடாது என்று அர்த்தம் அல்ல. சில குருக்கள் அப்படி எடுத்துக்கொண்டு, பெயரைக்கூட சொல்லாமல் உயிர்ப்பின் இறையியலை வகுப்பு எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். வந்தவர்கள் கல்யாண வீட்டில் வேறு யாருடைய பத்திரிகையையோ படித்ததுபோல வெளியே போகிறார்கள். அவருடைய வாழ்வில் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள், அதை நற்செய்தியோடு முடிச்சுப் போடுங்கள். பட்டறை முதலாளியும் நண்பர்களும் பேச விரும்பினால் வீட்டில், உடலை எடுப்பதற்கு முன் பேசட்டும், அல்லது கல்லறையில். இதை முன்னாலேயே உபதேசியாரிடம் சொல்லிவைக்காவிட்டால், திருவிருந்துக்குப் பிறகு யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடமாட்டார்.

எழுதும் வரிசை

என் வரிசை ஐந்து அடிகள். முதலில், நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்வது. இரண்டாவது, வீட்டில் கேட்ட "இருந்திருந்தால்" என்பதை யாருடையது என்று சொல்லாமல் சபை முழுவதன் கேள்வியாக வைப்பது. மூன்றாவது, மார்த்தா. நான்காவது, அந்த ஒரு காட்சியோடு இறந்தவரும் பிள்ளைகளும். ஐந்தாவது, கோயிலுக்குள் கண்முன்னே இருக்கும் ஒரு பொருளைக் காட்டி நிறுத்துவது. பெட்டியின் தலைமாட்டில் பாஸ்கா திரி எரிகிறது. தெளிக்கப்பட்ட தீர்த்தம் பெட்டிமேல் இன்னும் ஈரமாக இருக்கிறது. காது அடைத்துப்போனவர்களுக்கும் கண் தெரியும்.

மூன்றாவது அடியில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். மார்த்தாவைத் தொட்டதும் "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்பதற்குத் தாவிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவள் குறை சொல்கிறாள்; அவர் தடுக்கவில்லை, கோபிக்கவில்லை, தாமதத்துக்குக் காரணமும் சொல்லவில்லை. குறை சொன்ன அதே மூச்சில் அவள் தன் நம்பிக்கையையும் சொல்கிறாள். இரண்டும் ஒரே வாயில். இதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு, வாசிக்காத பகுதியிலிருந்து ஒரு வரியைச் சேர்க்கலாம்: "அப்போது இயேசு கண்ணீர் விட்டு அழுதார்." சற்று முன்னே அவர் உள்ளம் குமுறினார் என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் சினத்தையும் குறிக்கும். சாவின் முன்னால் ஆண்டவருக்கே கோபம் வந்தது என்பதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அருளின் தம்பியைப் போன்றவர்கள், கோயிலுக்குள் வராமல் கைகட்டிக்கொண்டு வெளியே நிற்பவர்கள், அந்த இடத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அருளுக்காக எழுதினால் எனக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

"அருள் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போன மனிதர், 36 வயது, இன்றைக்கு நம் முன்னால் இந்தப் பெட்டியில் இருக்கிறார். இதை ஏற்றுக்கொள்ள முடியாமல்தான் நாம் எல்லோரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

"நேற்றிலிருந்து நம் எல்லோர் மனசிலும் ஒரு வார்த்தை ஓடுகிறது. இருந்திருந்தால். நான் பக்கத்தில் இருந்திருந்தால். முன்னாடியே தெரிந்திருந்தால். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது.

"இது புது வார்த்தை அல்ல. மார்த்தா சொன்னாள். யாரிடம்? ஆண்டவரிடமே. 'நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்.' வீட்டு வாசலில்கூட அல்ல, ஊருக்கு வெளியே ரோட்டில் நிறுத்திக் கேட்டாள். ஆண்டவர் அவளைப் பார்த்து, 'இப்படிப் பேசலாமா?' என்று கேட்கவில்லை. 'நீ அதைச் செய்திருந்தால்' என்றும் சொல்லவில்லை. மார்த்தா யார்மேலும் பழி போடவில்லை. மரியாமேல் போடவில்லை, தன்மேலும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த 'இருந்திருந்தால்' முழுவதையும் தூக்கிக்கொண்டு போய் ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டாள். அருள் வீட்டில் இருக்கிறவர்களே, உங்களுடைய 'இருந்திருந்தால்' எல்லாவற்றையும் இங்கே வைத்துவிடுங்கள். ஒருவர் தலையில் ஒருவர் வைக்காதீர்கள். அதைச் சுமக்க வேண்டியவர் அவர்."

இந்தக் கடைசி இரண்டு வரிகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் உரியதைச் சொல்லியாகிவிட்டது. பெயர் வரவில்லை. கண்ணாலும் அவர்களைப் பார்க்காதீர்கள். பாஸ்கா திரியைப் பாருங்கள்.

"அருளை நமக்கு எங்கே தெரியும்? அதோ, பின்வாசலில். தோளில் மகன். பூசையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை உயரத்திலிருந்து பலிபீடத்தைப் பார்க்கட்டும் என்று, இவர் நின்றார். அந்தத் தோள் இன்றைக்கு இல்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளிடம் 'இனிமேல் நீதான் வீட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும்' என்று சொல்லாதீர்கள். அவர்கள் பிள்ளைகளாகவே இருக்கட்டும். பார்த்துக்கொள்ளவேண்டியவர்கள் நாம்.

"மார்த்தாவிடம் ஆண்டவர் சொன்னது இது. 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே.' ஏன் இறந்தார் என்பதற்கு இதில் விடை இல்லை. அருள் யார் கையில் இருக்கிறார் என்பதற்கு விடை இருக்கிறது. இந்தத் திரியை, அருள் குழந்தையாக இருந்தபோது திருமுழுக்கில் பார்த்தார். அன்றைக்கு அவர்மேல் ஊற்றிய அதே தண்ணீரைத்தான் சற்று முன் நான் இந்தப் பெட்டிமேல் தெளித்தேன். அன்றைக்கு அவரைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு கெபியைத் தாண்டிப் போவோம். அந்தக் கதவு அவர் செய்தது. திறந்துதான் இருக்கும்."

இங்கே நிறுத்துங்கள். "ஆகவே அன்பார்ந்தவர்களே" என்று இன்னொரு சுற்று வேண்டாம். ஓர் அரை நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு நம்பிக்கையாளர் மன்றாட்டுக்குப் போங்கள்.

கெபிக் கதவு திறந்துதான் இருக்கும் என்று சொல்லிவிட்டால், அது உண்மையாகவே திறந்திருக்கவேண்டும். பூசைக்கு முன் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் "இந்தப் பாஸ்கா திரியின் ஒளியில்" என்று கையை நீட்டினேன். ஃபேன் காற்றில் அது அணைந்து பத்து நிமிடமாகியிருந்தது.

நிற்கும்போது

தாளை எடுத்துக்கொண்டு போங்கள். மனப்பாடத்தை நம்பாதீர்கள், முதல் வரிசையில் இருந்து அந்தப் பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரித்தால் எல்லாம் மறந்துபோகும். எழுத்தைப் பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

நடுவே ஒப்பாரி வெடிக்கும். பெரும்பாலும் தாய் அல்லது அக்கா. அதை மைக்கில் மேலே ஏறி அடக்கப் பார்க்காதீர்கள், "அமைதி, அமைதி" என்று சொல்லவும் வேண்டாம். நிறுத்துங்கள். காத்திருங்கள். அது தானாகத் தணியும். அதுவரை தலை குனிந்து நில்லுங்கள். தணிந்ததும் விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். யாராவது மயங்கினால் பேச்சை முடித்தேவிடலாம். உங்கள் குரல் உடைந்தாலும் தவறில்லை, ஆனால் மூன்று நான்கு வரிக்கு மேல் மீள முடியாவிட்டால் நேரே கடைசிப் பத்திக்குப் போய் முடித்துவிடுங்கள். அன்று அழவேண்டியவர்கள் அவர்கள். உங்களைத் தேற்றும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.

பட்டறையிலிருந்து வந்த நண்பர்களில் பாதிப்பேர் இந்துக்களாகவோ முஸ்லிம்களாகவோ இருப்பார்கள். வாசலுக்கு வெளியே செருப்போடு நிற்பார்கள். வெளி ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்குத் தனியாக ஏதும் சொல்லத் தேவையில்லை. "நீங்களும் மனம் திரும்பினால்" என்ற தொனி மட்டும் எந்த இடத்திலும் வரவேண்டாம்.

உதவி செய்வோம் என்று பொத்தாம்பொதுவாக அறிவிக்காதீர்கள். பங்குப்பேரவையிடம் கேட்டு உறுதியானதை மட்டும், அதையும் மறையுரையில் அல்லாமல் பிறகு வீட்டில் சொல்லுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலையவேண்டும். அதற்கெல்லாம் கூடவே போக விவரம் தெரிந்த ஒருவரை அன்பியத்திலிருந்து ஏற்பாடு செய்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பாரம் குறையும்.

மறையுரைத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அன்று மனைவி காதில் ஒன்றும் விழுந்திருக்காது. "அன்னைக்கு நீங்க என்ன பேசினீங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல சாமி" என்று பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளைத் திருத்தமாக எழுதி ஒரு கவரில் வைத்து எடுத்துப்போங்கள். கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வரை உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.